என்கொயரி எங்கே போனது?

ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் பெயர், மெயில் முகவரி, செய்தி எல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்று ஒரு வரி வரும். எழுதியவர் அதைப் பார்த்து நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடுவார். பெரும்பாலான தளங்களில் அந்த வரிக்கு ஒரே பொருள்தான்: நீங்கள் எழுதியதைத் தளத்தின் சர்வர் வாங்கி, தன்னிடமுள்ள மெயில் அனுப்பும் மென்பொருளிடம் கொடுத்துவிட்டது. அதற்கு அப்புறம் கடிதம் போய்ச் சேர்ந்ததா, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதா, ஸ்பேமில் விழுந்ததா என்பது அந்த வரிக்குத் தெரியாது. பி.எச்.பி. மொழியின் கையேடே இதைச் சொல்கிறது: அதன் `mail()` கட்டளை 'வெற்றி' என்று சொன்னால், கடிதம் அனுப்புவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றுதான் அர்த்தம், சேர்ந்தது என்று அர்த்தமில்லை.

இந்த இடைவெளியில் ஒரு வியாபாரம் எப்படி என்கொயரிகளை இழக்கிறது என்பதை ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கி எழுத வேண்டியிருந்தது. கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு ஏற்றுமதி செய்கிற நிறுவனம் அது. தளத்தை முன்பு கட்டிக் கொடுத்தவர் வேறொருவர். பராமரிப்பு மட்டும் என்னிடம். உரிமையாளர் ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தார். அங்கே வந்த ஒரு பையர், 'உங்கள் தளத்தில் இரண்டு தடவை எழுதினேன், பதிலே வரவில்லையே' என்று கேட்டிருக்கிறார். ஊர் திரும்பியதும் அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, நான் போட்டுப் பார்த்தா உடனே வருதுங்க. பையர் போட்டா வரலைங்கிறார். ஒரே ஃபார்ம்ல ரெண்டும் எப்படிங்க நடக்கும்?"

துப்பு அவர் கேள்வியிலேயே இருந்தது. படிவம் முழுதாகக் கெட்டிருந்தால் எல்லோருக்கும் கெட்டிருக்க வேண்டும். சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்றால், யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து ஏதோ மாறுகிறது. என்ன மாறுகிறது என்பது தளத்தின் `contact.php` கோப்பில் இருந்த இரண்டு வரிகளில் தெரிந்தது.

```php
$headers = "From: " . $_POST['email'];
mail($to, $subject, $message, $headers);
```

படிவத்தில் பார்வையாளர் தட்டிய மெயில் முகவரியை எடுத்து, கடிதத்தின் அனுப்புநர் இடத்தில் அப்படியே போடுகிறது முதல் வரி. எழுதியவரின் நோக்கம் நல்லதுதான். இன்பாக்ஸில் வந்த கடிதத்துக்கு 'ரிப்ளை' அழுத்தினால் நேராகப் பையருக்குப் பதில் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இந்த முறையில் எழுதப்பட்ட படிவங்கள் பல வருடங்களாக எத்தனையோ தளங்களில் ஓடின, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கடிதத்தை அனுப்புவது பையர் இல்லை, நம் ஹோஸ்டிங் சர்வர். பையரின் முகவரி யாஹூவில் இருந்தால், எங்கோ ஒரு வாடகை சர்வர் 'நான் யாஹூ வாடிக்கையாளர்' என்று சொல்லிக்கொண்டு கடிதம் போடுகிறது. ஏமாற்றுக்காரர்கள் செய்வதும் இதையேதான். கடிதத்தை வாங்குகிற கம்ப்யூட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை.

அண்ணனுக்கு எழுதிய மெயிலை இப்படித் தொடங்கினேன்:

"அண்ணா, வணக்கம். நம் படிவம் வேலை செய்கிறது. ஆனால் அது போடும் கடிதத்தில் அனுப்புநர் பெயர் பொய்யாக இருக்கிறது. அதனால் யாஹூ முகவரியில் எழுதியவர்களின் கடிதங்களைக் கூகுள் வாங்காமல் திருப்பிவிடுகிறது. ஜிமெயில் முகவரியில் எழுதியவர்களின் கடிதங்கள் பல ஸ்பேமுக்குப் போகின்றன. நம் ஆபீஸ் மெயிலைக் கூகுளுக்கு மாற்றிய மாதத்திலிருந்து இது நடக்கிறது. திருப்பப்பட்ட என்கொயரிகளைக் கண்டுபிடித்துவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்பேமுக்குப் போனவற்றில் 30 நாளுக்கு முந்தியவற்றை மீட்க முடியாது. காரணமும் இனி செய்ய வேண்டியதும் கீழே."

இப்படிப்பட்ட மெயிலில் முதல் பத்தியிலேயே நஷ்டத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. தொழில்நுட்பக் காரணத்தை முதலில் விரித்து, கடைசி வரியில் 'சிலவற்றை மீட்க இயலவில்லை' என்று போட்டால், அதைப் படிக்கிற வியாபாரிக்கு ஏமாற்றப்பட்டது போல இருக்கும். எத்தனை ஆர்டர் போச்சோ என்ற பயத்தில்தான் அவர் மெயிலையே திறக்கிறார்.

இனி காரணம். மெயிலுக்கு அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. தபாலில் உறைமேல் எழுதும் அனுப்புநர் முகவரி ஒன்று, உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதுவது இன்னொன்று. அதே மாதிரிதான் இங்கேயும். இன்பாக்ஸில் நாம் பார்க்கும் `From` என்பது உள்ளே எழுதிய முகவரி. உறைமேல் இருப்பதை நாம் பார்ப்பதே இல்லை, சர்வர்கள் மட்டும் தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. இணைய மெயிலின் அடிப்படை விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது, இந்த இரண்டில் எதையும் சரிபார்க்க ஏற்பாடு செய்யவில்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் கடிதம் போடலாம் என்ற நிலை வெகுகாலம் இருந்தது.

பிறகு சரிபார்ப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் கடிதம் போடலாம் என்ற பட்டியலை அந்த டொமைனின் உரிமையாளரே டி.என்.எஸ். பதிவில் வெளியிடுவது எஸ்.பி.எஃப். கடிதத்தின் மேல் அந்த டொமைனின் மின்கையொப்பத்தைப் போடுவது டிகிம். இவை இரண்டில் ஒன்றாவது, இன்பாக்ஸில் தெரிகிற `From` முகவரியின் டொமைனோடு பொருந்தி வர வேண்டும், வராவிட்டால் கடிதத்தை என்ன செய்யலாம் என்று உரிமையாளர் சொல்லி வைப்பது டிமார்க். என்கொயரி விஷயத்தில் முடிவு எடுப்பது இந்த மூன்றாவதுதான்.

யாஹூ 2014 ஏப்ரலில் தன் டிமார்க் பதிவை மிகக் கடுமையானதாக மாற்றியது. அதன் முகவரிகளைப் போலியாகப் போட்டு அனுப்பப்படும் மோசடி மெயில்கள் அப்போது பெருகியிருந்தன. பதிவில் இருப்பது சுருக்கமான வாசகம்:

```
_dmarc.yahoo.com   v=DMARC1; p=reject; ...
```

`p=reject` என்றால், யாஹூ பெயரைச் சொல்லிக்கொண்டு யாஹூவின் சம்மதமில்லாத சர்வரிலிருந்து வரும் கடிதத்தை வாசலிலேயே மறுத்துவிடுங்கள் என்று உலகத்துக்கே சொல்வது. ஜிமெயில் தன் முகவரிகளுக்கு `p=none` என்று வைத்திருக்கிறது. அதாவது மறுக்கச் சொல்லவில்லை. வாங்குகிறவர் தன் யோசனைப்படி செய்துகொள்ளலாம். ஆனாலும் கூகுள் தன் அனுப்புநர் விதிகளை 2024 பிப்ரவரியில் இறுக்கியபோது, ஜிமெயில் முகவரியை `From`-இல் போலியாகப் போடாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதி வைத்தது. அப்படிப் போட்ட கடிதம் ஸ்பேமுக்குப் போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் உடனே திருப்பிக் கேட்டார்: "அப்ப இத்தனை வருஷம் எப்படிங்க வந்துச்சு? படிவத்துல நாம ஒரு எழுத்தைக்கூட மாத்தலையே?"

நியாயமான கேள்வி. படிவம் மாறவில்லை, கடிதம் போகிற பாதைதான் மாறியது. முன்பு இணையதளமும் ஆபீஸ் மெயில் பெட்டிகளும் ஒரே ஹோஸ்டிங் சர்வரில் இருந்தன. படிவம் போட்ட கடிதம் அந்த சர்வரை விட்டு வெளியே போகவே தேவையில்லை; அதே வட்டில் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொரு கோப்புறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து வராத கடிதத்தை அங்கே யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. பெட்டி நிறைந்துபோகிறது, போனில் சரியாக வரவில்லை என்று மெயிலைக் கூகுளுக்கு மாற்றினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு என்கொயரியும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து கிளம்பி, இணையத்தைக் கடந்து, கூகுளின் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அங்கேதான் அனுப்புநர் யார் என்ற கேள்வி முதல்முறையாக வந்தது.

அண்ணன் போட்ட சோதனை மட்டும் ஏன் வந்தது? அவர் படிவத்தில் தட்டியது தன் ஆபீஸ் முகவரியை. அந்த டொமைனின் பெயரில் கடிதம் போட ஹோஸ்டிங் சர்வருக்கு உரிமை உண்டு. கையொப்பமும் அதனிடம் இருக்கிறது. ஆக, படிவத்தில் எழுதுகிற எல்லோரிலும் அவர் ஒருவர் எழுதும்போது மட்டும் அனுப்புநர் பெயர் பொய்யாக இல்லை. அவர் சோதித்த ஒவ்வொரு தடவையும் கடிதம் சரியாக வந்து, படிவம் நலம் என்ற தவறான தைரியத்தை அவருக்குக் கொடுத்தது. தளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். தன் முகவரியைத் தட்டிப் பார்க்கிற சோதனையால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இப்போது மீட்பு. கூகுள் ஒரு கடிதத்தை வாசலில் மறுத்தால், அதைக் கொண்டுபோன ஹோஸ்டிங் சர்வர் ஒரு 'பவுன்ஸ்' கடிதம் எழுதுகிறது. யாருக்கு? உறைமேல் இருக்கும் அனுப்புநருக்கு. பி.எச்.பி. அனுப்பும் கடிதத்தின் உறைமேல் பையரின் முகவரி இருக்காது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஹோஸ்டிங் கணக்கின் பயனர் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்கு சர்வரில் தானாகவே ஒரு மெயில் பெட்டி உண்டு. சி-பேனல் வைத்த ஹோஸ்டிங்கில் மெயில் பகுதியில் அதைத் திறக்கலாம். யாரும் அதைத் திறப்பதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. திறந்தேன். பவுன்ஸ்கள் மாதக்கணக்கில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்:

```
550-5.7.26 Unauthenticated email from yahoo.com is
not accepted due to domain's DMARC policy.
```

இந்தப் பவுன்ஸ்களில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மறுப்புச் செய்திக்குக் கீழே, மறுக்கப்பட்ட மூலக் கடிதத்தின் நகலையும் சர்வர் சேர்த்து வைக்கிறது. பையரின் பெயர், முகவரி, 'இந்த அளவில் இத்தனை ஆயிரம் டவல், எந்த மாதத்துக்குள் தர முடியும்' என்ற கேள்வி எல்லாம் அப்படியே இருந்தன. ஃப்ராங்க்ஃபர்ட்டில் சந்தித்தவரின் இரண்டு கடிதங்களும் அங்கே இருந்தன.

ஸ்பேமுக்குப் போனவற்றின் கதை நேர்மாறு. அவற்றைக் கூகுள் மறுக்கவில்லை, வாங்கிக்கொண்டது. ஆகவே பவுன்ஸ் இல்லை, சர்வரில் நகலும் இல்லை. ஜிமெயிலின் ஸ்பேம் பகுதியில் 30 நாள் இருந்துவிட்டுத் தானாக அழிந்துவிட்டன. கடைசி மாதத்தவை மட்டும் கையில் கிடைத்தன. கடுமையாகத் திருப்பி அனுப்பப்பட்டவை பிழைத்தன, மென்மையாக ஒதுக்கி வைக்கப்பட்டவை போய்விட்டன.

எத்தனை போயின என்றாவது சொல்ல முடியுமா என்று அண்ணன் கேட்டார். தளத்தின் அணுகல் பதிவில் படிவம் அழுத்தப்பட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி இருக்கும்:

```
"POST /contact.php HTTP/1.1" 200
```

தேதி, நேரம், ஐ.பி. எண் எல்லாம் இதில் வரும், என்ன எழுதினார்கள் என்பது வராது. அந்த 200-க்கும் மெயிலுக்கும் சம்பந்தமில்லை, பக்கம் ஒழுங்காகத் திறந்தது என்பதுதான் அதன் பொருள். எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியங்கி நிரல்கள் குப்பை விளம்பரத்தைத் திணிக்க நாள் முழுக்க இதே படிவத்தைத் தட்டுகின்றன. மனிதரைப் பிரிக்க ஓரளவுக்கு ஒரு வழி இருக்கிறது: மனிதர் வந்தால் முதலில் பக்கம், பிறகு அதன் படங்கள், வடிவமைப்புக் கோப்புகள் என்று ஒரே ஐ.பி.யிலிருந்து வரிசையாகக் கேட்கப்பட்டு, சில நிமிடம் கழித்து இந்த வரி வரும். நிரல் பெரும்பாலும் படத்தையெல்லாம் கேட்காமல் நேரே இந்த வரிக்கு வந்துவிடும். அப்படிப் பிரித்து, இன்பாக்ஸுக்கு வந்தவற்றையும் பவுன்ஸில் கிடைத்தவற்றையும் கழித்து, மீதியை மாதவாரியாக எழுதிக் கொடுத்தேன். இது உத்தேசம், கணக்குப் புத்தகத்தில் ஏற்றுகிற எண் இல்லை என்பதையும் அதே வரியில் எழுதினேன்.

திருத்தம் சிறியது. அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் சொந்த முகவரி. பையரின் முகவரி `Reply-To` என்ற இடத்தில்.

```php
$headers  = "From: enquiry@example.in\r\n";
$headers .= "Reply-To: " . $email . "\r\n";
```

ரிப்ளை அழுத்தினால் முன்போலவே பையருக்குத்தான் போகும், கடிதத்தில் பொய்யும் இல்லை. இங்கே `$email` என்பது சரிபார்த்து எடுத்த முகவரி. பார்வையாளர் தட்டியதை அப்படியே கடிதத்தின் தலைப்பில் சேர்த்தால், அதன் வழியே கூடுதல் வரிகளை நுழைத்து நம் சர்வரையே ஸ்பேம் அனுப்ப வைக்க முடியும். பழைய இரண்டு வரிகளில் அந்த ஓட்டையும் இருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம், பல தளங்களில் இதுவே போதும். ஆனால் `mail()` கட்டளையை நம்பியிருக்கும் வரை 'நன்றி' என்ற வரியின் அர்த்தம் மாறாது. ஆகவே, நிறுவனத்தின் கூகுள் கணக்கிலேயே உள்நுழைந்து, அதன் எஸ்.எம்.டி.பி. சர்வர் வழியாக 587-ஆம் போர்ட்டில் கடிதம் போகும்படி மாற்றினேன். அதற்கு ஆப் பாஸ்வேர்டு என்ற தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால்தான் அது கிடைக்கும். இப்படிச் செய்ததில், கூகுள் வாங்க மறுத்தால் படிவத்துக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. அப்போது 'நன்றி' வராது. 'அனுப்ப முடியவில்லை, இந்த எண்ணில் அழையுங்கள்' என்று ஆபீஸ் எண் வரும்.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. மெயில் போடுவதற்கு முன்னால், எழுதியது அத்தனையும் தளத்தின் டேட்டாபேஸில் ஒரு வரியாகப் பதிவாகிவிடுகிறது. மெயில் என்பது 'வந்திருக்கிறது, பாருங்கள்' என்று கூப்பிடுகிற அறிவிப்பு மட்டும். என்கொயரி இருக்கும் இடம் டேபிள். பழைய படிவத்தில் ஒரே பிரதியாக இருந்த கடிதத்தையே தெருவில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் என்று காத்திருந்தார்கள்.

மெயிலின் கடைசிப் பகுதியில் அண்ணன் செய்ய வேண்டியதை எழுதினேன்:

"அண்ணா, மீட்ட என்கொயரிகளைத் தேதி வாரியாகத் தாளில் போட்டிருக்கிறேன். இவர்களுக்கு உங்கள் மெயிலிலிருந்து புதிதாக எழுதுங்கள். அவர்கள் கடிதம் எங்கள் தரப்புக் கோளாறால் இப்போதுதான் கிடைத்தது என்று ஒரு வரி போதும். பழைய சீசனுக்குக் கேட்டவர்கள் அந்த ஆர்டரை வேறெங்கோ கொடுத்திருப்பார்கள், அடுத்த சீசன் சாம்பிளைப் பற்றிக் கேளுங்கள். இனி மாதம் ஒரு தடவை, ஆபீஸ் முகவரியைத் தட்டாமல், யாருடைய யாஹூ முகவரியையாவது தட்டி ஒரு சோதனை போடச் சொல்லுங்கள். வந்த கடிதத்தை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original போனால், மேலே SPF, DKIM இரண்டுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். பிறகு டேபிளில் எத்தனை, இன்பாக்ஸில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் அன்றே எனக்குச் சொல்லுங்கள்."

கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அவரே போன் செய்தார். "அண்ணா, டேபிள்ல நாலு கூட இருக்குங்க, மெயில்ல வரலை." ஆபீஸில் யாரோ கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும், படிவத்தால் உள்ளே நுழைய முடியாது. புதியதை எடுத்துப் போட்டேன். அந்த நான்கு என்கொயரிக்கும் அவர் அதற்குள் டேபிளைப் பார்த்தே பதில் அனுப்பியிருந்தார்.